மொய் விருந்துக்கு மேலே பறக்கும் முன்

(கீரமங்கலத்தில் உலகப் புகைப்பட நாளையொட்டி நடந்த படக்கலைஞர்கள் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு "ட்ரோன் பறக்கவிடும் முன்: பேட்டரி, மெமரி கார்டு, அனுமதி" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நான் பின்னாலிருந்து தொடங்குகிறேன். அனுமதிக்கு நாலு நாள் வேண்டும், பேட்டரிக்கு ஒரு சாயங்காலம் வேண்டும், மெமரி கார்டுக்குப் பத்து நிமிடம் போதும். அதிக நேரம் பிடிப்பதை முதலில் பார்க்கவேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பந்தலுக்குப் போய், பையைத் திறந்து, ட்ரோனை விரித்து, கார்டு இருக்கிறதா என்று பார்த்து, பேட்டரியில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணிவிட்டு, "இங்கே பறக்கவிடலாமாண்ணே?" என்று கடைசியில் கேட்கிறோம்.

நமக்குப் பழக்கமான ஒரு வேலையையே எடுத்துக்கொள்வோம். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, மொய் விருந்து. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஒரே பந்தலில் பத்துப் பேர், பதினைந்து பேர் சேர்ந்து விருந்து வைப்பார்கள். ஆட்டுக்கறி வேகும். நோட்டு எண்ணும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். விருந்து வைப்பவர் புதன்கிழமை போன் பண்ணி, "தம்பி, மேலேருந்து பந்தல் முழுசும் தெரியிற மாதிரி ஒரு ஷாட் வேணும்" என்கிறார். நாம் சரி என்று சொன்ன நிமிடமே பரிசோதனை ஆரம்பமாகிவிடுகிறது.

முதலில் வானத்தின் நிறம். இந்தியாவில் இப்போது நடப்பிலிருப்பது 2021 ஆகஸ்ட் 25-ல் வந்த ட்ரோன் விதிகள். அதன்படி நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடம் இருக்கிறது. பச்சையில் தரையிலிருந்து 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, விமானப் போக்குவரத்துத் துறையின் முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது 200 அடியாகக் குறையும். மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி. திருச்சி விமான நிலையம் நமக்கு 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தஞ்சாவூர் விமானப்படைத் தளம் 40 கிலோமீட்டருக்கு மேல். அதனால் நம் ஊர்ப் பந்தல்கள் வழக்கமாகப் பச்சையில்தான் வரும்.

"வழக்கமாக" என்று சொன்னதைக் கவனியுங்கள். அதே விதிகளில், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஒரு அதிகாரி ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம் என்று இருக்கிறது. ஒரு தடவைக்கு 96 மணிநேரம் வரை. பெரிய தலைவர் வருகிறார், பதற்றமான ஊர்வலம் நடக்கிறது என்றால் அது நடக்கும். 96 மணிநேரம் என்பது நாலு நாள். புதன்கிழமை பச்சையாகப் பார்த்த இடம் வெள்ளிக்கிழமை சிவப்பாகியிருக்கலாம். அதனால் வரைபடத்தை இரண்டு முறை பார்க்கவேண்டும்: வேலையை ஒப்புக்கொள்ளும்போது ஒருமுறை, பறக்கும் நாள் காலையில் ஒருமுறை. பறக்குமுன் தளத்தைச் சரிபார்ப்பது விதியிலேயே கட்டாயம். காலைப் பார்வையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள், நேரம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான போன்கள் கூடுகிற பந்தலில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கும், வரைபடம் திறக்காது.

அடுத்து எடை. இதில் நம் ஆட்கள் ஏமாறும் ஒரு இடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவைப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவுக்கும், காசு வாங்காமல் சொந்த ஆசைக்குப் பறந்தால், தேவையில்லை. மொய் விருந்துக்கு நாம் காசு வாங்குகிறோம், ஆகவே அது வணிகம். ஆகவே மைக்ரோ வைத்திருப்பவருக்குச் சான்றிதழ் கட்டாயம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 18 முதல் 65 வயது, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் பயிற்சி. இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரியாமல் போவது இதுதான்: டிஜேஐ மினி 3 புரோ 249 கிராம். அதில் 80 கிராம் சாதாரண பேட்டரியின் எடை. "அதிக நேரம் பறக்கும்" என்று கடைக்காரர் விற்கும் பிளஸ் பேட்டரி ஏறக்குறைய 121 கிராம். அதைப் போட்டதும் ட்ரோன் ஏறக்குறைய 290 கிராம் ஆகிவிடுகிறது. அதே ட்ரோன், அதே ஆள், அதே பந்தல். பேட்டரியை மாற்றின நொடியில் நானோ மைக்ரோ ஆகி, சான்றிதழ் இல்லாதவர் விதியை மீறினவர் ஆகிறார். லென்ஸுக்கு மேல் ஒரு ஃபில்டர், ராத்திரி தெரிவதற்கு ஒரு குட்டி விளக்கு என்று ஒட்டினாலும் இதே கதைதான், ஏனென்றால் கணக்கில் வருவது கிளம்பும்போது இருக்கும் மொத்த எடை. காய்கறிக் கடைத் தராசு வேண்டாம், நகைக்கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

பழைய ட்ரோன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரி 9-ல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை அரசு தடை செய்தது. அதற்குப் பிறகும் பை பையாகச் சந்தையில் கிடைக்கிறது, அது எப்படி வந்தது என்று நீங்களே யோசியுங்கள். விலை பேசும் முன், தனி அடையாள எண், யுஐஎன் என்கிறோமே, அது இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, உங்கள் பெயருக்கு மாற்றித் தருவாரா என்று கேளுங்கள். விதி மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். மைக்ரோவும் அதற்கு மேலும் என்றால் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும்.

இனிமேல் சொல்வது டில்லி அனுமதி இல்லை, ஊர் அனுமதி. வரைபடம் பச்சை என்றால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கு என்று ட்ரோன் விதிகள் சொல்லவில்லை. ஆனாலும் நான் ஒரு கடிதம் கொடுத்துவிடுவேன். நாள், நேரம், இடம், எவ்வளவு உயரம், ட்ரோனின் எண், என் போன் எண், அவ்வளவுதான். நகலில் முத்திரை வாங்கிக்கொள்வேன். காரணம் எளிது. யாரோ ஒருவர் வீட்டுக்கு மேலே ஏதோ பறக்கிறது என்று போன் பண்ணினால், அது என்ன என்று நிலையத்தில் இருப்பவருக்கு முன்பே தெரிந்திருக்கும். நான் ரிமோட்டோடு நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க, மேலே ட்ரோன் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும் நிலை வராது.

கோயில் என்றால் இன்னும் சிலரின் சம்மதமும் தேவை. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி மகத்தன்று வில்லுனி ஆற்றங்கரையில் அந்தப் பெரிய குதிரை மேல் காகித மாலைகள் குவிந்து உடம்பே தெரியாமல் போகும். மேலிருந்து எடுக்க அதைவிட நல்ல காட்சி இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் அங்கே கோயில் நிர்வாகத்தின் சம்மதமும் ஊர்க்காரர்களின் சம்மதமும் தனித்தனி. அலுவலகக் கடிதம் கையில் இருந்தாலும், விழாக் குழுவில் ஒரு பெரியவர் "சாமி தலைக்கு மேல பறக்கக்கூடாது தம்பி" என்றால் அதோடு முடிந்தது. அவர் சொல்வதில் எனக்கு இன்னொரு நியாயமும் தெரிகிறது. றெக்கைக் காற்று பட்டால் காகித மாலை பிய்ந்து பறக்கும், அதன் நூல் மோட்டாரில் சுற்றினால் ட்ரோன் கூட்டத்தின் மேல் விழும். பக்கவாட்டில், ஆற்றுப்பக்கம் நின்று எடுக்கவேண்டும். சித்தன்னவாசல், கொடும்பாளூர் மாதிரி தொல்லியல் துறையின் கீழ் இருக்கும் இடங்களில் அந்தத் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ட்ரோனைப் பையிலிருந்தே எடுக்கவேண்டாம்.

பந்தலுக்குத் திரும்புவோம். விருந்து வைப்பவர் சரி என்றால் போதுமா? பந்தலுக்குப் பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறம் இருக்கிறது, குளத்தில் பெண்கள் குளிக்கும் படித்துறை இருக்கிறது. நாம் பந்தலைத்தான் எடுக்கிறோம், ஆனால் கேமராவுக்கு விளிம்பு என்று ஒன்று உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு, பெண்ணை அவள் அந்தரங்கத்தில் பார்ப்பதையும் படமெடுப்பதையும் குற்றம் என்கிறது. "தெரியாமல் வந்துவிட்டது" என்று விளக்கிக்கொண்டு நிற்கும் நிலைமைக்கே போகவேண்டாம். நான் சனிக்கிழமை சாயங்காலம் பந்தலைச் சுற்றி ஒருமுறை நடப்பேன். எந்தப் பக்கம் கேமரா திரும்பக்கூடாது என்று முடிவு செய்து, அந்தப் பக்கம் இருக்கும் வீடுகளில் நேரம் சொல்லிவிட்டு வருவேன். மொய் எழுதும் மேசைக்கு நேர் மேலேயும் நிற்கமாட்டேன். யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டுக்குள் இருக்கவேண்டிய சங்கதி. கட்டுக் கட்டாகப் பணம் தெரியும் படம் வெளியே போனால் விருந்து வைத்தவருக்கு யார் யாரோ விருந்தாளியாக வருவார்கள்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம், வீடு. பேட்டரி.

சார்ஜ் போடும் முன் மூன்று பேட்டரியையும் மேசைக் கண்ணாடி மேல் வைத்து, ஒவ்வொன்றையும் விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல பேட்டரி கொஞ்சம் இழுபட்டு நின்றுவிடும். வயிறு உப்பினது பம்பரம் மாதிரி சுற்றும். கண்ணுக்குத் தெரியாத வீக்கம்கூட இந்தச் சுண்டலில் தெரிந்துவிடும். லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்தால் வருகிற வீக்கம் அது. முழு சார்ஜோடு வெக்கையில் கிடந்தால் சீக்கிரம் வரும். நம் ஊரில் இது எப்படி நடக்கிறது? வெள்ளிக்கிழமை மூன்றையும் நிரப்புகிறோம். சனிக்கிழமை விழா வீட்டில் ஒரு துக்கம், வேலை ரத்து. பை காரின் பின்சீட்டில் கிடக்கிறது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றின காருக்குள் சூடு எவ்வளவு ஏறும் என்று கதவைத் திறந்தவுடன் முகத்தில் அடிப்பதே சொல்லும். இரண்டு முறை அப்படிக் கிடந்தால் போதும். வேலை ரத்தானால் ட்ரோனைக் கொல்லைப்புறத்தில் கொஞ்சம் பறக்கவிட்டு, பாதிக்குச் சற்று மேலே, 50-60 சதவீதத்துக்குக் கொண்டுவந்து நிழலில் வையுங்கள்.

உப்பினதை என்ன செய்வது? அமுக்கக்கூடாது, ஊசி குத்தக்கூடாது, குப்பையோடு கொளுத்தக்கூடாது. ஒரு மண் வாளியில், வீட்டுக்கு வெளியே, மணலுக்குள் வைத்து மின்கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். உப்பின பேட்டரியில் தீ மட்டுமே ஆபத்து இல்லை. அது கூட்டுக்குள் சரியாக உட்காராது, கொக்கி முழுதும் பிடிக்காது, பறக்கும்போது அதிர்ந்து கழன்றுகொள்ளும்.

இது கற்பனை பயம் இல்லை. கோபுரோ நிறுவனம் 2016 அக்டோபரில் கார்மா என்று ஒரு ட்ரோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ட்ரோன்கள் நடுவானில் திடீரென்று மின்சாரம் இழந்து விழுந்தன. இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமானதும், நவம்பர் 8-ல் விற்ற ஏறக்குறைய 2,500 ட்ரோன்களையும் திரும்பக் கேட்டது. விசாரித்தால் மோட்டாரும் மென்பொருளும் காரணம் இல்லை. பேட்டரியைப் பிடிக்கும் கொக்கி. அதைத் திருத்தி அடுத்த பிப்ரவரியில் மறுபடி விற்றார்கள். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம்: "டிக்" சத்தம் கேட்ட பிறகு பேட்டரியை நகத்தால் பின்னோக்கி ஒருமுறை இழுத்துப் பார்ப்பது. இரண்டு பக்கமும் கொக்கி உள்ள பேட்டரியில் ஒரு பக்கம் மட்டும் மாட்டினாலும் டிக் சத்தம் வரும்.

சார்ஜ் போடும் நேரத்துக்கு வருகிறேன். மூன்று பேட்டரி போடும் ஹப் பெரும்பாலும் மூன்றையும் சேர்த்து நிரப்பாது, ஒன்றை முடித்துத்தான் அடுத்ததுக்குப் போகும். ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம் என்றால் மூன்று மணிநேரம். ஆறு மணிக்குப் போட்டால் ஒன்பதுக்கு முடியும், நீங்கள் விழித்திருக்கும்போதே. ராத்திரி பதினொன்றுக்குப் போட்டுவிட்டுத் தூங்கினால், மின்சாரம் போய் வந்ததா, மூன்றாவது நிறைந்ததா என்று காலையில்தான் தெரியும். அதே மேசையில் ரிமோட்டையும் போனையும் போடுங்கள். ட்ரோனில் மூன்று பேட்டரி நிறைய இருந்து, போனில் 12 சதவீதம் இருந்ததால் திரும்பி வந்தவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். மென்பொருள் புதுப்பிப்பு கேட்டால் அதையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

நிறைந்ததா என்பதைப் பேட்டரி மேலுள்ள நாலு விளக்கை வைத்து நம்பாதீர்கள். நாலாவது விளக்கு 100 வரும் முன்பே எரிந்துவிடும். பேட்டரியை ட்ரோனில் போட்டு, திரையில் சதவீதத்தையும், ஆப்பில் இருந்தால் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் பாருங்கள். செல்களுக்கு இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பேட்டரியில் ஒரு செல் களைத்துவிட்டது. மொத்த சதவீதம் 40 என்று காட்டும், களைத்த செல் அதற்குள் காலியாகியிருக்கும். வேகமாக ஏற்றும்போது வோல்ட் சட்டென்று சரிந்து ட்ரோன் தானாகவே கட்டாயமாக இறங்க ஆரம்பிக்கும், கீழே தென்னையா கிணறா என்று அது பார்க்காது. அப்படிப்பட்ட பேட்டரியில் நான் ஒரு புள்ளி போட்டு, தரையோரப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். எல்லாப் பேட்டரிக்கும் எண் எழுதியிருக்கவேண்டும். இல்லையென்றால் எது களைத்தது என்று அடுத்த வாரம் மறந்துபோகும்.

இனி ஞாயிற்றுக்கிழமை, பந்தலடி. ஆடி மாதம் என்றேன். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். பேட்டரியைப் பொறுத்தவரை காற்றுதான் எல்லாம், அதனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் ட்ரோன் சாதாரண வேகத்தில் காற்றைக் கிழித்து நொடிக்கு 10 மீட்டர் போகிறது. மேலே காற்று நொடிக்கு 6 மீட்டர். நீங்கள் கிழக்கே, காற்றோடு போகிறீர்கள். தரையைப் பொறுத்த வேகம் 16 மீட்டர். 960 மீட்டரை ஒரு நிமிடத்தில் தொட்டுவிடுகிறீர்கள். ஆகா, என்ன வேகம் என்று சந்தோஷம். திரும்பும்போது காற்று எதிரே. வேகம் 10-லிருந்து 6 போக 4. அதே 960 மீட்டருக்கு நாலு நிமிடம். ஒரு பேட்டரி நிஜத்தில் 20 நிமிடம் தாங்கும் என்றால் நிமிடத்துக்கு 5 சதவீதம். போக 5, வர 20.

இப்போது காற்று 6 இல்லை, 8 என்று வையுங்கள். இரண்டே மீட்டர் அதிகம். போக ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வரும் வேகம் 2 மீட்டர். எட்டு நிமிடம். 40 சதவீதம். "30 சதவீதம் வந்ததும் திரும்புவேன்" என்று சொல்பவர் இந்த இடத்தில் விழுந்துவிடுவார். ட்ரோன் திரும்பி நின்று, நகராமல் நகர்ந்து, யாரோ ஒருவர் தோப்பில் இறங்கும். நம் ஊரில் தோப்பு என்றால் தென்னை. 2018 கஜா புயலில் போனவை போக மீதியும், அதன் பிறகு வைத்து வளர்ந்தவையும் இருக்கின்றன. மட்டையில் சிக்கின ட்ரோனை எடுக்க மரம் ஏறத் தெரிந்தவரைத் தேடவேண்டும்.

தரையில் நின்று காற்றை அளக்கமுடியாது. பந்தலடியில் இலை அசையாது, 80 மீட்டரில் வேறு கதை. அதனால் நான் செய்வது இது: எடுக்க நினைக்கிற உயரத்துக்கு ஏற்றி, காற்றோடு 100 மீட்டர் விட்டு, உடனே திருப்புவேன். திரையில் `H.S` என்று காட்டும் எண் கிடைமட்ட வேகம். திரும்பும்போது அது 5-க்குக் கீழே இருந்தால் அன்று தூரத்து ஷாட் கிடையாது, உயரத்தைக் குறைத்து பந்தலைச் சுற்றியே எடுத்து முடித்துவிடுவேன். அப்படி இல்லையென்றாலும் முதல் ஷாட் எப்போதும் காற்றுக்கு எதிர்த்திசையில். ஆடியில் என்றால் மேற்கே. போகும்போது கஷ்டப்படட்டும், களைத்து வரும்போது காற்று வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும். மாட்டிக்கொண்டால் கீழே இறக்குங்கள், தாழ்வில் காற்று குறைவு. ஸ்போர்ட் மோடு போட்டால் எதிர்க்காற்றை உடைக்கும், பேட்டரியையும் வேகமாகத் தின்னும். இரண்டும் தெரிந்து செய்யுங்கள்.

இரண்டாவது பேட்டரி காத்திருக்கும் இடத்தையும் சொல்லவேண்டும். கருப்புப் பையை வெயிலில் வைக்காதீர்கள். ஒரு தெர்மாகோல் பெட்டி போதும், உள்ளே ஐஸ் மட்டும் போடாதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்து ஈரம் கோர்க்கும். இறங்கின பேட்டரி சுடும். அதை உடனே கார் சார்ஜரில் செருகினால், 40 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அது சார்ஜே ஏற்காது. கெட்டுப்போச்சு என்று நினைத்துப் பதறுவோம். நிழலில் அரை மணிநேரம் விடுங்கள்.

பத்து நிமிடம் போதும் என்று சொன்ன மெமரி கார்டுக்கு வந்துவிட்டேன். என்னை அதிகம் அழவைத்தது இதுதான்.

4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு முக்கால் ஜிபி. 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய 80 நிமிடம் கொள்ளும். மூன்று பேட்டரி, தலா 20 நிமிடம், 60 நிமிடம், 45 ஜிபி. ஆகவே ஒரு விருந்துக்கு ஒரு 64 போதும். 256 வாங்கி ஒரு மாத வேலையையும் அதில் சுமப்பவரிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: ட்ரோன் கிணற்றில் விழுந்தால் எத்தனை வீட்டு விழா அதோடு போகும்? கார்டில் V30 என்று அச்சிட்டிருக்கவேண்டும், நொடிக்கு 30 மெகாபைட் விடாமல் எழுதும் என்பதற்கான குறி அது. இது குறைந்தால் பதிவு நடுவில் தானாக நின்றுவிடும், நீங்கள் மேலே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், திரையில் சிவப்புப் புள்ளி அணைந்தது தெரியாது.

அச்சிட்டிருப்பதையும் நம்பமுடியாது. போலிக் கார்டு என்றால் உறை மட்டும் போலி இல்லை. உள்ளே 32 இருக்கும், கம்ப்யூட்டரிடம் 256 என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். முதல் 32 ஜிபி ஒழுங்காக எழுதும். அதற்கு மேல் எழுதுவது காற்றோடு போகும், அல்லது பழையதன் மேல் எழுதிக்கொள்ளும். கோப்புப் பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. கள்ள நோட்டை எண்ணும் இயந்திரம் கண்டுபிடிக்கும், கள்ளக் கார்டைக் கண்டுபிடிக்க முழுதும் எழுதித் திரும்பப் படிக்கவேண்டும். விண்டோஸில் H2testw என்ற சின்ன மென்பொருள் அதைச் செய்யும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு:

```
f3write /media/card
f3read /media/card
```

புதுக் கார்டு வாங்கின அன்றே, முதல் வேலைக்கு முன், இதை ஓடவிடுங்கள். ஒரு மணிநேரம் ஆனாலும் ஆகட்டும்.

ஞாயிறு காலையில் செய்யவேண்டியது: பழைய வேலை இரண்டு இடங்களில் நகல் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, கார்டை ட்ரோனுக்குள் போட்டு ட்ரோனிலேயே ஃபார்மட் செய்வது, பத்து நொடி வீடியோ எடுத்து அதை ஓட்டிப் பார்ப்பது. இந்தப் பத்து நொடியில், கார்டு கம்ப்யூட்டரில் செருகினபடியே வீட்டில் கிடக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சில ட்ரோன்களில் 8 ஜிபி உள் நினைவகம் இருக்கும். கார்டு இல்லாமலே பதிவு ஓடும், பத்து நிமிடத்தில் நிரம்பும். அதனால் எங்கே பதிவாகிறது என்றும் பாருங்கள்.

என் கதை ஒன்று. ஒரு மொய் விருந்து, பந்தலுக்கு மேலே அருமையான ஒரு நீள ஷாட். பேட்டரி குறைந்தது, இறக்கினேன். அடுத்த பந்தி ஆரம்பிக்கப்போகிறது என்று அவசரம். பதிவை நிறுத்தாமலே பேட்டரியைப் பிடுங்கி அடுத்ததைச் செருகினேன். ராத்திரி பார்த்தால் அந்தக் கோப்பு கார்டில் இருக்கிறது, அளவும் பெரிதாக இருக்கிறது, ஓடவில்லை.

ஏன் என்று பிறகு புரிந்தது. வீடியோக் கோப்பு, மொய் நோட்டு மாதிரி. வருகிறவர் பெயரும் தொகையும் வரிசையாக எழுதிக்கொண்டே போவார்கள். எந்தப் பக்கத்தில் எந்த ஊர் என்று குறிப்பை விருந்து முடிந்தபிறகுதான் எழுதுவார்கள். ட்ரோனும் படங்களை எழுதிக்கொண்டே போய், எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பை நிறுத்தும் பொத்தானை அமுக்கும்போது எழுதுகிறது. பேட்டரியைப் பிடுங்கினால் குறிப்பு இல்லாத நோட்டு. உள்ளே எல்லாம் இருக்கிறது, வாசிக்கத் தெரியவில்லை. ட்ரோன் விழுந்தாலும் இதேதான்.

அப்படி ஆனால் அந்தக் கார்டில் வேறு எதுவும் எழுதக்கூடாது. முதலில் கார்டை அதே ட்ரோனில் போட்டு இயக்கிப் பாருங்கள், சில ட்ரோன்கள் தாமே குறிப்பை எழுதிச் சரிசெய்துகொள்ளும். இல்லையென்றால் `untrunc` என்று ஒரு கருவி இருக்கிறது. அதே ட்ரோனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்ததற்குக் குறிப்பு எழுதும். நான் காலையில் எடுத்த பத்து நொடி சோதனை வீடியோதான் எனக்கு அந்த நல்ல வீடியோவாக உதவியது. ஷாட் கிடைத்துவிட்டது, கடைசி நாலைந்து நொடி மட்டும் போனது. அன்றிலிருந்து, ட்ரோன் இறங்கினதும் சிவப்புப் புள்ளி அணைந்ததா என்று பார்க்காமல் பேட்டரியில் கை வைப்பதில்லை.

இந்த அரங்குக்கு வெளியே எப்படிக் கிளம்புவது என்று செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் வரைபடம் பார்த்துவிட்டேன், பச்சை, போனில் படம் இருக்கிறது. தென்னை மட்டை ஆடுவதைப் பார்த்தால் மேலே காற்று இருக்கிறது, அதனால் உயரமாகப் போகமாட்டேன். அதற்கு முன் ஒரு வேலை. எல்லாரும் அவரவர் பையிலிருந்து பேட்டரியை எடுத்து முன்னால் இருக்கும் மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்போம். சுற்றுகிற பேட்டரி யாருடையதோ, அவர் அதை இங்கேயே என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். மணல் வாளி வாசலில் இருக்கிறது.